சென்னையிலிருந்து போடிக்கு எத்தனை மணி நேரம்?

எழும்பூரிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை சுமார் 493 கிலோமீட்டர். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இன்னொரு 90. ரயில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கேள்விப்பட்ட ஒருவர் கணக்குப் போட்டு, ஐந்தரை மணி நேரத்துக்குள் போடியில் இறங்கிவிடலாம் என்று சொன்னால், அடிக்கடி ரயிலேறுகிறவர்கள் சிரிப்பார்கள். 110 என்பது அதிகபட்ச வேகம். நமக்கு வேண்டியது சராசரி வேகம்.

சராசரி எவ்வளவு இருக்கும் என்பதை ரயில்வேயின் கணக்கிலிருந்தே ஊகிக்கலாம். அகல ரயில் பாதையில் புறப்படும் இடம் முதல் சேரும் இடம் வரை சராசரி 55 கிலோமீட்டர் வந்தாலே அது 'சூப்பர்ஃபாஸ்ட்'. அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. இரவில் எழும்பூரை விட்டுக் கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரைக்கு ஏறத்தாழ ஏழே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. வகுத்துப் பார்த்தால் 63 கிலோமீட்டர் சொச்சம். நல்ல வேகம்தான். அட்டவணை கையில் இல்லாதபோது இரவு எக்ஸ்பிரஸுக்கு 60, கிளைப்பாதையில் ஊர் ஊராக நிற்கும் வண்டிக்கு 40 முதல் 45 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற மாட்டோம்.

மீதி வேகம் எங்கே போகிறது? முக்கியமாக நிறுத்தங்களில். அட்டவணையில் இரண்டு நிமிட நிறுத்தம் என்றுதான் இருக்கும். ஆனால் 110-இல் வரும் வண்டி பிரேக் போட்டு நிற்க ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆகும். இருபது பெட்டிகளை இழுத்துக்கொண்டு இன்ஜின் மறுபடி அதே வேகத்தைப் பிடிக்க ஐந்து நிமிடமாவது வேண்டும். இந்த ஏழு நிமிடத்தில் வண்டி வழக்கமாகக் கடக்கும் தூரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் கடக்கிறது. அதாவது மூன்றரை நிமிடம் நஷ்டம். நின்ற இரண்டு நிமிடத்தையும் சேர்த்தால் ஒரு சின்ன நிறுத்தத்தின் விலை ஐந்தரை நிமிடம். பத்து ஊரில் நின்றால் ஒரு மணி நேரம் போயிற்று. சில ஊர்களில் மட்டும் நிற்கும் தேஜஸ் இதே மதுரைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகப் போய்ச் சேருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஒரு எச்சரிக்கை: அட்டவணையிலிருந்து எடுத்த சராசரியில் நிறுத்தங்கள் ஏற்கெனவே அடக்கம். அதன்மேல் நிறுத்த நேரத்தைத் தனியாகக் கூட்டினால் இரட்டைக் கணக்காகிவிடும்.

அட்டவணைக்குள்ளேயே கொஞ்சம் உபரி நேரமும் ஒளிந்திருக்கிறது. பாதைப் பராமரிப்புக்கும், பிந்தி வரும் வண்டி ஈடுகட்டிக்கொள்ளவும் ரயில்வே அதைச் சேர்க்கிறது. பெரும்பாலும் கடைசி நிலையத்துக்குச் சற்று முன்னால். அதைக் கண்டுபிடிப்பது எளிது. தாம்பரம் – எழும்பூர் தூரத்துக்குக் கிளம்பும் வண்டிக்கு எத்தனை நிமிடம், வந்து சேரும் வண்டிக்கு எத்தனை நிமிடம் என்று ஒப்பிட்டால் போதும். அதிகப்படி நிமிடங்கள்தான் உபரி. வண்டி தாம்பரத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தும் எழும்பூருக்குச் சரியான நேரத்தில் போய்விடுகிற மாயம் இதுதான்.

இனி மதுரையில் வண்டி மாறுவது. அரை மணிக்கொரு மின்சார ரயில் ஓடும் இடத்தில் சராசரியாகக் கால் மணி நேரம் காத்திருக்க நேரும் என்று போட்டுக்கொள்ளலாம். போடிப் பாதையில் அந்தக் கணக்கு செல்லாது. காலையில் எட்டு மணிக்குமேல் ஒரு முன்பதிவில்லா ரயில் கிளம்பும். அதைவிட்டால் அடுத்து ரயிலுக்கு நிற்பதில் அர்த்தமில்லை, பேருந்துதான். பாண்டியன் ஐந்து, ஐந்தரைக்கு வந்துவிடுவதால் மூன்று மணி நேரம் நடைமேடையில் உட்கார வேண்டும். அதை வீண் என்று மட்டும் சொல்ல முடியாது. முதல் வண்டி ஒரு மணி நேரம் பிந்தினாலும் இந்த இடைவெளி காப்பாற்றும். இருபது நிமிட இடைவெளியை நம்பிப் போகிறவருக்கு நஷ்டம் இருபது நிமிடமல்ல, அடுத்த வண்டி வரும்வரையான முழு நேரமும். இரண்டு ரயிலிலும் முன்பதிவு செய்கிறவர்கள் இரு பிஎன்ஆர் எண்களையும் இணைத்துக்கொள்ளும் வசதி 2019 முதல் இருக்கிறது. முதல் வண்டி பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், நேரம் கிடைக்காது.

இப்போது கூட்டலாம். மதுரை வரை ஏழே முக்கால், காத்திருப்பு சுமார் மூன்று, போடிக்கு இரண்டு. மொத்தம் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். 583 கிலோமீட்டருக்கு உண்மையான வேகம் மணிக்கு 46தான்.

வாரத்தில் மூன்று நாள் சென்னை சென்ட்ரலிலிருந்து காட்பாடி, சேலம், கரூர் வழியாகப் போடிக்கு நேர் ரயில் இருக்கிறது. பாதை நீளம், ஆனால் மாறவேண்டியதில்லை என்பதால் பதினோரு மணி நேரத்தை ஒட்டிக் கொண்டுபோய் விட்டுவிடும். தேதி ஒத்துவந்தால் அதில் போங்கள். ஒத்துவராவிட்டால் நேரங்களை ஒருமுறை புதிய அட்டவணையில் சரிபார்த்துவிட்டு பாண்டியனில் ஏறுங்கள்.