ஒரே பக்கத்தில் மூன்று அட்டவணைகள்

பழைய அரசு அறிக்கைகளில் இரண்டு மூன்று சிறு அட்டவணைகள் ஒரே பக்கத்தில் நெருக்கமாக அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்தால், அது இடமிருந்து வலமாக வரி வரியாகப் படித்துக்கொண்டே போகும். இடப்பக்க அட்டவணையின் மக்கள்தொகையும் வலப்பக்க அட்டவணையின் மழையளவும் ஒரே வரிசையில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் பக்கத்தைப் பிரிக்க வேண்டும். எண்களைப் படிப்பது அதற்குப் பிறகுதான்.

பிரிப்பதற்கும் முன்னால் பக்கத்தை நேராக்க வேண்டும். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்த ஏ4 பக்கத்தின் அகலம் 2480 பிக்சல். பக்கம் ஒரே ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் வரியின் மறுமுனை ஏறத்தாழ 43 பிக்சல் இறங்கிவிடும். பத்துப் புள்ளி எழுத்தின் உயரமே அவ்வளவுதான் என்பதால், ஒரு வரி அடுத்த வரியின் இடத்துக்குப் போய்விடுகிறது.

அடுத்து, ஒவ்வொரு சொல்லும் எந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் அதைத் தரும்:

```
tesseract pakkam.png vilaivu --psm 11 tsv
```

`vilaivu.tsv` கோப்பில் சொல்லோடு அதன் இடம், அகலம், உயரம் எல்லாம் இருக்கும்.

மேலே இடமும் வலமுமாக இரண்டு அட்டவணைகள், கீழே பக்க அகலம் முழுக்க ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து கீழாக முதலில் வெட்ட முடியாது, கீழ் அட்டவணை குறுக்கே நிற்கிறது. எனவே சொல்லே படாத கிடைமட்ட வெண்பட்டையைத் தேடிக் கீழ் அட்டவணையைக் கழற்ற வேண்டும். அந்தப் பட்டை சாதாரண வரி இடைவெளியைவிடத் தெளிவாகப் பெரிதாக இருப்பது அவசியம். அதன் பிறகு மேல்பாதியைச் செங்குத்தாக வெட்டலாம்.

சிக்கல் இங்கேதான். ஓர் அட்டவணைக்குள்ளேயே பத்திகளுக்கு நடுவில் வெண்பட்டைகள் உண்டு. அகலமானதுதான் எல்லை என்று நம்பினால் ஏமாற நேரும். நம்பத் தகுந்த அடையாளம் வரிகளின் உயரம். ஒரே அட்டவணையின் பத்திகளில் வரிகள் ஒரே மட்டத்தில் நிற்கும். தனி அட்டவணைகளில் பெரும்பாலும் மட்டம் மாறும். பத்திகளுக்கு 1, 2, 3 என்று எண்ணிட்டிருந்தால் இன்னும் எளிது: எண் மீண்டும் 1-இல் தொடங்கும் இடத்தில் புது அட்டவணை பிறக்கிறது. தலைப்பு முடிந்து தரவு தொடங்கும் இடமும் அந்த எண்வரிசைதான்.

அது இல்லாதபோது, எண்கள் மிகுந்த முதல் வரிசைக்கு மேலே உள்ளதைத் தலைப்பாகக் கொள்வார்கள். ஆனால் 1901, 1911, 1921 என ஆண்டுகளே தலைப்பானால் இந்த விதி தவறிவிடும். இரண்டு அட்டவணைகளுக்கும் பொதுவாக ஒரே தலைப்பு மேலே பரவியிருந்தால், அதை இரண்டிலும் நகலெடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று தலைப்பில்லாத வெறும் எண்களாக நிற்கும்.

சரிபார்க்க, அச்சிலேயே உள்ள மொத்தங்கள் உதவும். ஆண், பெண் பத்திகளைக் கூட்டியது 'மொத்தம்' பத்தியோடு ஒத்துவராமல் வரிசைக்கு வரிசை பிசகினால், ஒரு பத்தி பக்கத்து அட்டவணைக்குப் போயிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஒரே வரிசை மட்டும் பிசகினால் அது பெரும்பாலும் எழுத்துணரியின் பிழை. மொத்தம் அச்சிடாத அட்டவணைக்கு இந்தச் சோதனை இல்லை. அதை ஸ்கேன் படத்தோடு கண்ணால்தான் ஒப்பிட வேண்டும்.