முத்திரையில் இருக்கும் திகதியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

உயர்தரத் தமிழ் மாணவர்களின் கட்டுரைகளில் பாரதியார் மறைந்த நாள் என்று பெரும்பாலும் 1921 செப்டெம்பர் 11தான் வரும். ஒரு சிலர் 12 என்று எழுதுவார்கள். 11 என்று எழுதிய பிள்ளையிடம் ஆதாரம் கேட்டால் கை நிறைய ஆதாரம் கொண்டு வரும். இந்திய அரசு பாரதிக்கு முத்திரை வெளியிட்டது 1960 செப்டெம்பர் 11ஆம் திகதி. 2021இல் நூற்றாண்டு நினைவு வந்தபோது தமிழ்நாடு அரசு செப்டெம்பர் 11ஐ மகாகவி நாள் என்று அறிவித்தது. இரண்டு அரசுகள், இடையில் அறுபத்தொரு வருடம், ஒரே திகதி. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் பிள்ளை நினைக்கும்.

ஆனால் நடந்தது என்ன? திருவல்லிக்கேணி வீட்டில் பாரதி வயிற்றுக்கடுப்பால் படுத்த படுக்கையாக இருந்தார். 11ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு நிலைமை மோசமாகி, நள்ளிரவு கடந்து ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு உயிர் பிரிந்தது. விடிந்ததும் கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில் தகனம். கடிகாரக் கணக்கில் பார்த்தால் இறப்பு நேர்ந்தது 12ஆம் திகதி, திங்கட்கிழமை. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவிலும் 12 என்றுதான் இருக்கிறது.

அப்படியென்றால் 11 எங்கிருந்து வந்தது? யாரும் பொய் சொல்லவில்லை. கூட இருந்தவர்களுடைய கணக்கில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயத்தில் முடிவது. திதியும் திவசமும் பார்க்கிற வீட்டில் இரவு ஒன்றரை மணி இன்னும் ஞாயிறுதான். ஆங்கிலத் திகதியாக அதைச் சொல்லும்போது ஞாயிற்றுக்குரிய 11ஐச் சொல்லிவிட்டார்கள். மாநகராட்சிப் பதிவுக்காரருக்கு நள்ளிரவோடு திகதி மாறிவிட்டது. ஒரே நிமிடத்துக்கு இரண்டு திகதி வந்த கதை இவ்வளவுதான்.

நம் வாசகர்களுக்கு இது புதுமையாக இராது. வியாழன் மஃரிபு ஆனதும் வெள்ளி இரவு என்று சொல்கிறவர்கள் நாம். ‘வெள்ளி ராவு’ என்று ஊரில் சொன்னதை வெளியாள் ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு என்று குறித்துக்கொண்டால் ஒரு நாள் பிசகிவிடும். நம் கணக்கில் பாரதி மறைந்த அந்த இரவு, ஞாயிறு மாலை மஃரிபிலேயே திங்கள் இரவாகிவிட்டது. ஓர் இரவை மூன்று சமூகம் மூன்று இடத்தில் தொடங்குகிறது. பழைய மரணக் குறிப்புகளைப் பார்க்கிறவர் முதலில் கேட்க வேண்டியது, ‘எழுதியவருக்கு நாள் எப்போது தொடங்கியது?’ என்பதைத்தான்.

இனி முத்திரைக்கு வருவோம். நினைவு முத்திரை ஒன்றை வெளியிடுகிற தபால் திணைக்களம் பிறந்த நாளையோ இறந்த நாளையோ ஆராய்ந்து கண்டுபிடிப்பதில்லை. பழக்கத்தில் இருக்கிற நினைவு நாளை எடுத்து, அந்த நாளில் முத்திரை வெளிவரும்படி மாதக்கணக்கில் முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறது. ஆகவே அங்கே திகதி ஆய்வின் முடிவாக வருவதில்லை, அட்டவணையின் தொடக்கமாகவே வருகிறது. வெளியான அன்று முதல்நாள் உறையின் மேல் குத்தும் சீலில் 11 பதிகிறது. அதே நாள் முத்திரைப் பட்டியல் நூல்களில் ஏறுகிறது. பிறகு வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர் அதைப் பார்த்து, ‘அரசே ஏற்றுக்கொண்ட நாள்’ என்று எழுதுகிறார். அடுத்த விழாக்குழு அந்த வாழ்க்கைக் குறிப்பை எடுத்துக்கொள்கிறது. பார்க்கிறவருக்கு நாலைந்து சாட்சிகள் தெரியும். உள்ளே இருப்பதோ ஒரே சாட்சி, அதுவும் நாள்கணக்கு மாறிப்போன சாட்சி.

சிலைக் கல்வெட்டு இன்னும் விசித்திரமானது. சென்னைக் கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளில் பாரதி சிலையும் ஒன்று. பொதுவாகவே ஒரு சிலையின் கல்லில் மிகவும் நம்பத்தக்க செய்தி எது என்றால் திறந்து வைத்தவர் பெயரும் திறந்த திகதியுமே. வெட்டியவர்களுக்கு அது கண்முன் நடந்த காரியம். சிலையாய் நிற்கிற மனிதரின் திகதிகள் யாரோ ஒருவர் தாளில் எழுதிக் கொடுத்தவை. ஒரே கல், ஒரே உளி, ஆனால் இரண்டு வரிக்கும் பெறுமதி வேறு. காகிதத்தில் பிழை என்றால் அடுத்த பதிப்பில் மாற்றலாம். கல்லை மாற்றச் செலவும் உண்டு, கௌரவப் பிரச்சினையும் உண்டு.

நாணயத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அதில் இடம் குறைவு, வழக்கமாக ஆண்டு மட்டுமே இருக்கும். 1969இல் வந்த காந்தி நாணயத்தில் 1869-1948 என்று பிறப்பும் இறப்பும் உண்டு. அது போல எல்லாவற்றிலும் இருக்கும் என்று எண்ணக் கூடாது. நூற்றாண்டு விழா நாணயத்தில் இரண்டாவதாக வரும் ஆண்டு சில வேளை விழா ஆண்டாக இருக்கும். அதை இறந்த ஆண்டாக வாசித்தால் மனிதருக்கு நூறு வயது கொடுத்துவிடுவோம்.

ஒரு நாள் பிசகுவது சிறு விஷயம் என்று சொல்வோருக்கு இப்னு ஸீனாவின் முத்திரைகளைக் காட்டலாம். ஹமதானில் அவருடைய அடக்கத்தலத்தைப் புதிதாகக் கட்டப் பணம் சேர்ப்பதற்காக ஈரான் 1948 முதல் 1954 வரை ஒரு முத்திரைத் தொடர் வெளியிட்டது. அவருடைய ஆயிரமாண்டு நினைவையொட்டிய வேலை அது. பிறகு 1980இலும் சோவியத் யூனியன் உட்படப் பல நாடுகள் அதே ஆயிரமாண்டுக்கு முத்திரை வெளியிட்டன. ஒரு மனிதருக்கு எப்படி இரண்டு ஆயிரமாண்டு? வழக்கமாகச் சொல்லப்படும் பிறந்த ஆண்டு ஹிஜ்ரி 370, அதாவது கிறிஸ்து ஆண்டு 980. ஹிஜ்ரியில் ஆயிரம் கூட்டினால் 1370 வரும், அது 1950-51. சந்திர ஆண்டு ஏறக்குறைய 354 நாள் ஆகையால் ஆயிரம் சந்திர ஆண்டுகள் சூரியக் கணக்கில் சுமார் 970 தான். கிறிஸ்து ஆண்டில் ஆயிரம் கூட்டினால் 1980. இரண்டும் சரியான கணக்கே. பிழை எங்கே பிறக்கிறதென்றால், ஐம்பதுகளின் முத்திரையைக் கையில் எடுத்து, வெளியான ஆண்டிலிருந்து ஆயிரத்தைக் கழிக்கிறவரிடம். அவர் இப்னு ஸீனாவை முப்பது வருடம் முன்கூட்டியே பிறக்க வைத்துவிடுவார்.

இதிலும் அடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. 370 என்ற ஆண்டையே திமித்ரி குட்டாஸ் என்ற ஆய்வாளர் சந்தேகிக்கிறார். இப்னு ஸீனா தன் கல்வியைப் பற்றிச் சொல்லும் வயதுகளை அக்கால நிகழ்ச்சிகளோடு ஒட்டிப் பார்த்தால், பிறப்பு அதற்குச் சில ஆண்டுகள் முந்தியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அது சரியென்றால் இரண்டு தடவை கொண்டாடியும் உலகம் சரியான வருடத்தைப் பிடிக்கவில்லை. இரண்டு விழாவும் ஒரே 370லிருந்து புறப்பட்டவை. எத்தனை நாடு முத்திரை வெளியிட்டாலும் அந்த எண்ணுக்குப் புதுச் சாட்சி சேரவில்லை.

ஆகவே முத்திரையோ கல்லோ கையில் கிடைத்தால், அது வெளிவருவதற்கு முன் அச்சான அல்லது எழுதப்பட்ட மிகப் பழைய குறிப்பில் என்ன திகதி இருக்கிறது என்று தேட வேண்டும். பின்னால் வந்தவற்றை எண்ணிக்கையில் சேர்க்கவே கூடாது. பிறகு மரணம் இரவில் நேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டு திகதி அடுத்தடுத்து நின்றால் பத்தில் பாதி இடத்தில் விடை அங்கேயே கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். கிழமை எழுதியிருந்தால் அது பெரிய உதவி, கிழமையும் திகதியும் பொருந்துகிறதா என்று சரிபார்க்கலாம். பாரதியைப் பற்றி எழுதுகிற மாணவர், ‘1921 செப்டெம்பர் 11 நள்ளிரவுக்குப் பின், அதாவது 12ஆம் திகதி அதிகாலை ஒன்றரை மணியளவில்’ என்று எழுதினால் இரண்டு கணக்கும் அந்த ஒரே வரியில் அடங்கிவிடும்.