நான்காம் நாள், மூச்சு 26

மரகதம் அம்மாளுக்கு வயது 58, எடை 60 கிலோ. பெருங்குடலில் புற்றுக்கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்து, மீதிக் குடலை இணைத்துத் தைத்து இன்றோடு நான்கு நாள். வருஷக்கணக்காக பிபி மாத்திரை சாப்பிடுகிறவர். மேல் அளவு வழக்கமாக 140ஐ ஒட்டியே இருக்கும். ஒரே மகன், கையில் ஃபிளாஸ்க்கோடு கட்டில் பக்கத்தில் நிற்கிறான்.

இந்த அம்மாள் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. என் நோட்டில் பிறந்தவர். நர்சிங் கல்லூரி சிமுலேஷன் அறையில் படுத்திருக்கும் பொம்மைக்கு நான் எழுதிய வேஷம். இந்தப் பொம்மைக்கு நெஞ்சு ஏறி இறங்கும், மணிக்கட்டில் நாடி துடிக்கும், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மைக்கில் யாராவது பேசினால் அதன் வாயிலிருந்து குரல் வரும். நாடி, மூச்சு, பிபி எல்லாம் கம்ப்யூட்டரில் நாம் வைத்தபடி மாறும். நிஜ வார்டு மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு ஏற்பாடு. ஆனால் என்ன நடக்க வேண்டும் என்று பொம்மைக்குத் தெரியாது. அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் செப்சிஸ். கிருமித் தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு நிலைதடுமாறி, தன் சொந்த உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலை அது. குடல் தையல் கசிந்தால் பெரும்பாலும் முதல் நாளே தெரியாது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வீட்டார் மூச்சு விட்ட பிறகுதான், சில நாள் கழித்து, மெதுவாகத் தலைகாட்டும்.

முதல் வரைவில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காய்ச்சல் 39.4, பிபி 80க்கு 50, நாடி 140. மாணவிகள் உள்ளே வந்த அரை நிமிஷத்தில் ஒருத்தி "செப்டிக் ஷாக்!" என்று கத்தினாள். விடை சரி. ஆனால் அந்த அளவுக்கு முற்றிய பிறகு வார்டைப் பெருக்க வருகிறவரே கண்டுபிடித்துவிடுவார். நர்ஸ் கண்டுபிடிக்க வேண்டியது அதற்குச் சில மணி நேரம் முன்பு.

இரண்டாம் வரைவை நோக்கத்திலிருந்து தொடங்கினேன். பத்து நோக்கம் எழுத ஆசையாகத்தான் இருக்கும். 15 நிமிஷக் காட்சி மூன்றுக்கு மேல் தாங்காது. அதுவும் "செப்சிஸைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் யார் புரிந்துகொண்டார், யார் இல்லை என்று எப்படிச் சொல்வது? கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். எனவே இப்படி எழுதினேன்: முதல் ஐந்து நிமிஷத்துக்குள் மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். டியூட்டி டாக்டரிடம் போனில் மூச்சு, மனத்தெளிவு, சிறுநீர் மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் போடுமுன் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்க வேண்டும்.

மூச்சை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. உடம்பு கெடத் தொடங்கும்போது பிபி விழுவதற்கு வெகு முன்பே மூச்சு வேகமாகிவிடும். ஆனால் வார்டில் எண்ணாமலே எழுதப்படுகிற அளவும் அதுதான். நான் வேலை பார்த்த ஒரு வார்டில் முப்பது நோயாளிகளுக்கும் சார்ட்டில் ஒரே எண், 20. அந்த 20ஐ நானும் எழுதியிருக்கிறேன்.

ஆகவே தொடக்கத்தில் மரகதம் அம்மாளுக்கு மூச்சு 26, நாடி 108, பிபி 106க்கு 64, காய்ச்சல் 37.6. காலை ஆறு மணிக்குப் பாராசிட்டமால் போட்டதாகக் கேஸ் ஷீட்டில் இருக்கும். காய்ச்சல் அதில் ஒளிந்துகொள்கிறது. 106 என்பது பார்க்க நல்ல பிபி. 140 பழகிய உடம்புக்கு அது சரிவு. பழைய பக்கத்தைப் புரட்டுகிறவளுக்குத்தான் அது தெரியும். மானிட்டரில் மூச்சு எண்ணிக்கையை அணைத்துவிட்டேன். திரையில் எண் இருந்தால் யாரும் நெஞ்சைப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது குறிப்புகள். மாணவி தவறவிட்டால் காட்சி உறைந்து நிற்கக் கூடாது, நானும் தடுப்புக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டக் கூடாது. வார்டில் எது நடக்குமோ அதுவே குறிப்பாக வர வேண்டும். முதல் குறிப்பு மிக மெல்லியது. மூன்றாம் நிமிஷம் பொம்மை சொல்லும்: "சிஸ்டர், குளிருது. பஸ் வந்துருச்சா?" அதைக் கேட்டு யாரும் திரும்பாவிட்டால் நான்காம் நிமிஷம் மகன் வாய் திறப்பான்: "சிஸ்டர், அம்மா ராத்திரியிலேர்ந்து ஒரு மாதிரி பேசுறாங்க. என்னையே யாருன்னு கேட்டாங்க." அதுவும் போனால் ஆறாம் நிமிஷம் யூரின் பேக்கைக் காலி பண்ண ஆயா வந்து, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்பார். கடைசி நான்கு மணி நேரத்தில் சேர்ந்தது 50 மில்லி. 60 கிலோ உடம்புக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும்.

டாக்டர் குரலுக்கும் நான் வசனம் எழுதினேன். "சார், லேசா காய்ச்சல் இருக்கு" என்று மட்டும் சொன்னால், "பாராசிட்டமால் போடுங்க" என்று வைத்துவிடுவார். நிஜத்திலும் அப்படித்தானே? மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான், "கல்ச்சர் எடுங்க, டிரிப் ஓடட்டும், வந்துட்டே இருக்கேன்" என்பார். எட்டு நிமிஷம் வரை யாரும் போனே பண்ணாவிட்டால் பிபி 88க்கு இறங்கும்.

எழுதுகிறவர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. டிரிப் ஏற்றியதும் பிபியை 120க்குத் தூக்கிவிடத் தோன்றும், மாணவிகள் கைதட்டுவார்கள். அது பொய்ப் பாடம். பிபி குறைந்த செப்சிஸ் நோயாளிக்கு முதல் மூன்று மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 30 மில்லி என்பது 2021ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி தரும் யோசனை; இந்த அம்மாளுக்கு அது 1800 மில்லி. எங்கள் காட்சிக்குள் இறங்குவது முதல் சில நூறு மில்லிதான். எனவே பிபி 96ஐத் தாண்டாது, நாடி ஐந்தாறு குறையும், அவ்வளவே. கசிவை அடைக்கும் வேலை சர்ஜனுடையது, அது காட்சிக்கு வெளியே.

பொம்மையால் முடியாததைக் கையால் செய்தோம். எங்கள் பொம்மைக்கு வியர்க்காது. கிளிசரினும் தண்ணீரும் கலந்து நெற்றியில் தெளித்தோம். வயிற்றிலிருந்து வரும் டிரெயின் பையில் கேன்டீன் டீ டிக்காஷனை நீர்த்து ஊற்றினோம். தொட்டால் சில்லிடும் கையை மட்டும் எங்களால் உண்டாக்க முடியவில்லை. அதை மகன் வாயால் சொல்ல வைத்தேன்.

காட்சி 15 நிமிஷம் என்றால் அதைப் பற்றிய பேச்சு அரை மணிக்குக் குறையக் கூடாது. கற்பது அங்கேதான் நடக்கிறது. அதனால் அந்தக் கேள்விகளையும் முன்னாலேயே எழுதி வைக்கிறேன். "ஏன் மூச்சை எண்ணல?" என்று கேட்டால் மாணவி தலை குனிவாள், பேச்சு முடிந்துவிடும். முதல் கேள்வி, "எப்படி இருந்தது?" படபடப்பு வெளியே வரட்டும். அப்புறம், "கட்டில்கிட்ட போனதும் அந்த அம்மாவைப் பத்தி என்ன நினைச்சே?" பிறகு நான் பார்த்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு அவள் மனதைக் கேட்பேன்: "சார்ட்ல 20ன்னு எழுதினதைப் பார்த்தேன். அந்த எண்ணை நம்பித்தான் டாக்டர் முடிவெடுப்பார்ங்கிறதால எனக்குக் கவலையா இருந்தது. அந்த நேரம் உன் மனசுல என்ன ஓடிச்சு?"

ஒருத்தி சொன்னாள்: "மேடம், பிபி நல்லா இருந்துச்சு. வலியில மூச்சு வாங்குறாங்கன்னு நெனச்சேன்." இந்த பதிலுக்காகத்தான் அந்த 106ஐ வைத்தேன். பழைய சார்ட்டை எல்லோரும் சேர்ந்து திறந்தோம். 142, 138, 144, அப்புறம் 106. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "வலின்னு நினைச்சது தப்பில்லை. வலியா, வேற எதாவதான்னு பிரிச்சுப் பார்க்க அந்த இடத்துல என்ன செஞ்சிருக்கலாம்?" என்று கேட்டேன். அவளே சொன்னாள்: "மகன்கிட்ட கேட்டிருக்கலாம் மேடம்."

ஐந்து குழு இந்தக் காட்சியைச் செய்து முடித்தாயிற்று. மகன் வாய் திறக்குமுன் கண்டுபிடித்தது ஒரே ஒரு குழு. உங்கள் வீட்டில் ஒருவர் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார், திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார், மூச்சு வாங்குகிறார், சிறுநீர் குறைந்துவிட்டது என்றால், காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். சிஸ்டரைக் கூப்பிட்டு, மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.