அப்பத்தாவுக்கு எந்த நேரம் சௌகரியம்?

குழந்தைகளே! உங்கள் தாத்தா, பாட்டி சொல்லும் பழைய நாள் விஷயங்களைச் செல்போனில் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று உங்களில் சிலருக்கு ஆசை இருக்கும். உட்கார்ந்து கேள்விகளை எல்லாம் எழுதி வைத்து விடுவீர்கள். ஆனால், எந்த நேரத்தில் கேட்பது? அதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. நமக்கு எப்போது வீட்டுப் பாடம் முடிகிறதோ, அப்போது போய் முன்னால் உட்கார்ந்து விடுகிறோம்!

மதுரையில் எங்கள் தெருவில் ஏழாம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய அப்பத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. ராமேஸ்வரத்தில் பிறந்தவர். 1964ம் ஆண்டு டிசம்பர் 22ந் தேதி இரவு அடித்த புயலில், தனுஷ்கோடி ஊரே அழிந்து போனதைப் பாடத்திலோ, பெரியவர்கள் சொல்லியோ நீங்கள் அறிந்திருப்பீர்கள். பாம்பனில் இருந்து பயணிகளோடு போன ரயிலையும் கடல் அலை கொண்டு போய் விட்டது. அப்போது அந்த அப்பத்தாவுக்குப் பத்து வயது. அவருடைய அப்பா தனுஷ்கோடியில் மூட்டை தூக்கும் வேலை பார்த்தவர். அன்றிரவு அவர் வீடு திரும்பவில்லை. வீட்டில் அந்த இரவு நினைவிருப்பவர் இப்போது அப்பத்தா ஒருவர்தான்.

பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழரை மணிக்குப் போனை எடுத்துக் கொண்டு போய் உட்கார்ந்தான். ''காத்து அடிச்சுது... தண்ணி வந்துது... அவ்வளவுதாம்ப்பா. அதெல்லாம் இப்ப எதுக்கு?'' என்றார் அப்பத்தா. ஆறே நிமிடத்தில் பேச்சு முடிந்து விட்டது. அவருக்கு மறந்து விட்டது என்று பையன் நினைத்தான். ஆனால், அன்றிரவு அப்பத்தா தூங்கவே இல்லை. எழுந்து எழுந்து உட்கார்ந்திருந்தார் என்று மறுநாள் அம்மா சொன்னார்.

மறந்திருந்தால் ஏன் தூக்கம் வராமல் போகிறது? நினைவு அப்படியே இருந்தது. சொல்லத்தான் தெம்பு இல்லை. வயதானவர்கள் பலருக்குக் காலையில் இருக்கும் தெளிவு, பொழுது சாயும்போது குறைந்து விடும். மறதி நோய் உள்ள சிலருக்கு மாலையில் குழப்பமும் பதற்றமும் கூடுவது உண்டு. அதோடு, மனதை அழுத்துகிற விஷயத்தைப் படுக்கப் போகும் முன் கிளறி விட்டால், அதை நினைத்துக் கொண்டேதான் படுக்க வேண்டும். காலையில் பேசினால், பிறகு சமையல், சாப்பாடு, அக்கம்பக்கத்துப் பேச்சு என்று மனம் ஆற ஒரு முழுப் பகல் இருக்கிறது.

பையன் என்னிடம் வந்து, ''சார், அப்ப எந்த நேரம்தான் நல்ல நேரம்?'' என்று கேட்டான். பஞ்சாங்கத்தில் இருக்காது, அப்பத்தாவைப் பார்த்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டும் என்றேன்.

அவரிடமே கேட்கலாமே என்பீர்கள். கேட்டான். ''எப்ப வேணும்னாலும் பேசுவோம், நான் சும்மாதானே இருக்கேன்'' என்று பதில் வந்தது. பாட்டிமார்கள் அப்படித்தான் சொல்வார்கள்; பேரனிடம் முடியாது என்று சொல்ல அவர்களுக்கு மனம் வராது. அதனால் ஒரு வாரம் அப்பத்தாவின் நாளைக் கவனித்து நோட்டில் குறித்து வரச் சொன்னேன். பள்ளி நேரத்தில் நடப்பதை அம்மாவிடம் கேட்டு எழுதிக் கொண்டான்.

ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறார். ஆறரைக்குக் காபி, பிறகு ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை. எட்டு மணிக்கு இட்லி, சர்க்கரை மாத்திரை. பதினொன்றரைக்கு மேல் நாற்காலியிலேயே கண் சொக்குகிறது. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, மூன்று வரை தூக்கம். நாலு மணிக்குக் காபி குடித்ததும் மறுபடி கலகலப்பு. ஆறரைக்கு விளக்கேற்றி, ஏழு மணிக்கு மேல் டிவி தொடர். எட்டரைக்குப் படுக்கை.

இதைப் பார்த்ததும் ஏழு மணிக்கும் பகல் சாப்பாட்டு நேரத்துக்கும் அவன் கோடு போட்டு அடித்து விட்டான். சர்க்கரை நோய் உள்ளவர்களைப் பேச்சு சுவாரஸ்யத்தில் சாப்பாடு தள்ளிப் போகும்படி உட்கார வைக்கவே கூடாது. நடுக்கமும் வியர்வையும் வந்து விடலாம்.

நீர் மாத்திரை விஷயத்தை அவன் கவனிக்கவில்லை. நான்தான் சொன்னேன். அதைச் சாப்பிட்ட பிறகு சில மணி நேரத்துக்கு அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். பேரன் எதிரில் அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, பதிலைச் சுருக்கி முடிக்கப் பார்ப்பார்கள். அதற்காக மாத்திரை நேரத்தை மாற்றச் சொல்லாதீர்கள்! அது டாக்டர் சொன்ன நேரம். மாற வேண்டியது நம் நேரம்.

ஆக, மிஞ்சியது இரண்டு: காலை ஒன்பதரை முதல் பதினொன்று வரை, மாலை நாலு முதல் ஐந்தரை வரை. அடுத்த வேலை, அந்த நேரத்துச் சத்தத்தைக் கேட்பது. நம் காது வேண்டாத சத்தத்தை ஒதுக்கி விடும். போன் அப்படி ஒதுக்காது. அப்பத்தா உட்காரும் அதே நாற்காலியில் போனை வைத்து, யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் பதிவு செய்து, இயர்போனில் கேட்டுப் பார்த்தான். மாலை நாலரைக்குத் தெரு முழுக்கக் கிரிக்கெட். ஞாயிறு காலை பத்து மணிக்கு அடுப்படியில் மசாலா அரைக்கும் மிக்சி. சனிக்கிழமை ஒன்பதரைக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார்; பத்து மணிக்கு அது நின்று விட்டது. மின்விசிறி மட்டும் 'டக் டக்' என்று கேட்டது. அதை நிறுத்தினாலும் அந்த நேரத்தில் அவ்வளவாக வியர்க்கவில்லை. பகல் இரண்டு மணி என்றால் நிறுத்த முடியுமா?

இதில் ஒரு விஷயம். எந்தக் கிழமையில் பேசப் போகிறீர்களோ, அதே கிழமையில் சோதித்துப் பாருங்கள். புதன்கிழமை அமைதியாக இருந்த தெரு, ஞாயிற்றுக்கிழமை அப்படி இருக்காது.

இப்போது அவன் அப்பத்தாவிடம், ''எப்ப பேசலாம்?'' என்று கேட்கவில்லை. ''சனிக்கிழமை பத்து மணிக்கா, சாயங்காலம் காபி குடிச்சிட்டா?'' என்று கேட்டான். ''காலைல வா. இந்தச் சனி வேணாம், சஷ்டி விரதம். அடுத்த சனி வா'' என்று தெளிவாகப் பதில் வந்தது. விரத நாள் அவன் நோட்டில் இல்லவே இல்லை பாருங்கள்!

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரோடு உட்கார்ந்தார்கள். முதலில் வீடு, தெரு, பள்ளிக்கூடம் என்று பேசி விட்டு, பத்து நிமிடம் கழித்துத்தான் புயலுக்கு வந்தான். கூரை பறந்ததும், இருட்டில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக் கொண்டே நின்றதும், மூன்றாம் நாள் அப்பா மணலில் நடந்தே வந்து சேர்ந்ததும், அவரை அடையாளம் தெரியாமல் தான் பயந்து ஓடியதும்... நாற்பது நிமிடம் பேசினார் அப்பத்தா. இதில் பாதி, வீட்டில் யாருமே கேட்டிராதது.

பிறகு பதில்கள் சிறியதாகத் தொடங்கின. சொன்னதையே இரண்டாம் முறை சொன்னார். முழங்காலைத் தடவிக் கொண்டார். பையனிடம் இன்னும் ஏழு கேள்விகள் பாக்கி. ஆனாலும், போனை நிறுத்தி விட்டான். வயதானவர்களுக்கு ஒரு தடவைக்கு முக்கால் மணி போதும். இந்த அடையாளங்கள் தெரிந்தால் அதற்கு முன்பே எழுந்து விட வேண்டும்.

எழுந்திருக்கும் முன், ''மிச்சத்த எப்ப சொல்றீங்க அப்பத்தா?'' என்றான்.

''அடுத்த சனிக்கிழமையும் இதே நேரத்துக்கு வா. அந்த ஓடம் கரை ஒதுங்கினதச் சொல்லவே இல்லையே!'' என்றார் அப்பத்தா.