பருப்பு மூட்டையில் தொலைந்த ஏழரைக் கிலோ

விருதுநகரை ஒட்டிய ஒரு சிற்றூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் மளிகைக் கடை அது. மூட்டு வலியால் நின்றுகொண்டே நிறுத்துப் போட முடியாமல் போனதும், அப்பா கல்லாவை மகளிடம் கொடுத்தார். மகள் பி.காம். படித்தவர், வயது இருபத்தாறு. தன் கைபேசியில் ஒரு பில்லிங் செயலியை ஏற்றிக்கொண்டுதான் அவர் கடைக்குள் வந்தார். ஆனாலும் முதல் சில வாரங்கள் அப்பாவின் நோட்டில் எழுதுவதையும் விடவில்லை. அதுவரை சரக்கு இருப்பு அப்பாவின் மனதில் இருந்தது, கடன் பாக்கி பற்று நோட்டில் இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் கைபேசியிடம் ஒப்படைக்க அவருக்குத் துணிவில்லை.

அந்தத் தயக்கம் சரியானதுதான். எல்லாச் சரக்கையும் ஒரே மூச்சில் செயலியில் ஏற்றிவிட்டு, ஒரு மாதம் கழித்து எதுவும் பொருந்தவில்லை என்று கைவிடுவது எளிது. இவர் ஒரே ஒரு சரக்கை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்: துவரம் பருப்பு. பழைய இருப்பு முழுக்கத் தீர்ந்த பிறகு, விருதுநகர் மொத்தக் கடையிலிருந்து ஐம்பது கிலோ மூட்டைகள் இரண்டு வந்தன. கொள்முதலில் 100 கிலோ என்று பதிந்தார். விற்ற ஒவ்வொரு கால் கிலோவுக்கும் அரைக் கிலோவுக்கும் பில் போட்டார்.

சில நாள் கழித்துப் பார்த்தபோது செயலியின் கணக்கில் 68.5 கிலோ விற்றிருந்தது, 31.5 கிலோ மிச்சம் இருக்க வேண்டும். மூட்டையில் இருந்ததைத் தராசில் வைத்தால் 24 கிலோதான். ஏழரைக் கிலோவைக் காணோம். "இதுக்குத்தான் நோட்டே போதும்னேன்" என்றார் அப்பா. மகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. என்றாலும் அன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினார்.

பெரிய ஓட்டை முதலிலேயே அகப்பட்டது. கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் அந்த மூட்டையிலிருந்து பத்து அரைக் கிலோ பொட்டலங்கள் கட்டி வைத்திருந்தார்கள். பொட்டலம் செயலியில் தனிச் சரக்கு. அதன் இருப்பில் பத்து என்று ஏற்றியவர், மூட்டை இருப்பில் ஐந்து கிலோவைக் கழிக்கவில்லை. ஆக ஒரே பருப்பு இரண்டு இடத்தில் கணக்கில் இருந்தது. மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் போடும் எந்தக் கடையிலும் இது நடக்கும். பொட்டலம் கட்டியதைச் செயலி தானாக அறிய வழியில்லை. அதற்குச் சரக்கு மாற்றம் என்று ஒரு பதிவு போட்டாக வேண்டும்.

அடுத்த ஒரு கிலோ வீட்டுச் சமையலுக்குப் போயிருந்தது. அம்மா எடுப்பதற்கு யாரும் பில் போடுவதில்லை.

இன்னும் ஒன்றரைக் கிலோ மீதி. அடுத்து வந்த மூட்டைகளை இறக்கியதுமே தராசில் ஏற்றிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் நானூறு கிராம் குறைவு. சாக்கையும் சேர்த்துத்தான் ஐம்பது கிலோ. முந்தைய மூட்டைகளிலும் அப்படியே இருந்திருந்தால் அதில் 800 கிராம் போயிற்று. கடைசி 700 கிராமுக்கான விடை அப்பாவின் கையில் இருந்தது. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகும், ஒரு கிலோ கேட்டால் எண் 1.010 காட்டும் வரை அள்ளிப் போடுவார் அவர். அவரிடம் பழகிய மகளின் கையும் அப்படியே. கிலோவுக்குப் பத்து கிராம் என்றால், 68.5 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 700 கிராம்.

"தட்டு கொஞ்சம் தாழ்ந்தாத்தான் வாங்குறவங்களுக்கு மனசு நிறையும், பாப்பா."

அந்தப் பத்து கிராமை மகள் நிறுத்தவில்லை. அது அந்தக் கடையின் பெயர், அதைக் காப்பாற்றியதில் எனக்கு மகிழ்ச்சி. பருப்பு, சர்க்கரை போன்றவற்றில் லாபம் மெலிதானது என்பதால், நூற்றுக்கு ஒன்று சேதாரம் என்று பதிந்துகொண்டு விலையை அதற்கேற்ப வைத்தார். மூட்டைக்குச் சீட்டில் உள்ள எடையைப் பதியாமல், தராசு காட்டும் எடையைப் பதியத் தொடங்கினார். அடுத்த முறை எண்ணியபோது செயலிக்கும் மூட்டைக்கும் வித்தியாசம் அரைக் கிலோவுக்குள் வந்துவிட்டது. அதன் பிறகுதான் சர்க்கரை, புளி, மிளகாய் வற்றல் என்று ஒவ்வொன்றாகச் செயலிக்குள் போயின.

கடன் கணக்கில் நம்பிக்கை இவ்வளவு எளிதில் வரவில்லை. தீப்பெட்டி ஆலை வேலைக்குப் போகும் பெண் ஒருவர் வாரம் முழுக்கச் சாமான் வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை கூலி வந்ததும் கட்டுவார். ஒரு திங்கட்கிழமை அவருடைய கைபேசிக்கு 1,340 ரூபாய் பாக்கி என்று செயலி தானாகவே செய்தி அனுப்பிவிட்டது. நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, சனிக்கெழம சாயங்காலம் அப்பா கையில ஐநூறு குடுத்தேனே! ஊரறிய கடன்காரியாக்கிட்டீங்களே."

அப்பாவுக்கு வாங்கியதாக நினைவு, ஆனால் உறுதியில்லை. நோட்டிலும் இல்லை, செயலியிலும் இல்லை. மகளுக்கு அப்போதுதான் சனிக்கிழமை இரவுக் கணக்கு நினைவுக்கு வந்தது. காலையில் கல்லாவில் வைத்த சில்லறையோடு ரொக்க பில்களையும் வசூலான கடனையும் கூட்டி, அன்று வெளியே கொடுத்ததைக் கழித்தால் வரும் தொகைதான் இரவில் கல்லாவில் இருக்க வேண்டும். அன்று கல்லாவில் 500 ரூபாய் கூடுதலாக இருந்தது. காரணம் தெரியாமல் விட்டிருந்தார். கல்லாவில் பணம் குறைந்தால் எல்லாரும் பதறுவார்கள். கூடினால் யாரும் தேடுவதில்லை. ஆனால் கூடும் பணம் பெரும்பாலும் பதியாமல் விட்ட வரவுதான். பாக்கி 840 என்று அந்த அம்மாவிடமே திரையைக் காட்டித் திருத்தினார், மன்னிப்பும் கேட்டார். தானாகப் போகும் நினைவூட்டல் செய்திகளை அன்றே நிறுத்திவிட்டார். கடன் வசூலைச் செயலியில் பதிந்த பிறகே பணத்தைக் கல்லாவில் போடுவது என்ற ஏற்பாட்டுக்கு அப்பாவும் ஒத்துக்கொண்டார்.

இதே இரவுக் கணக்கு இன்னொரு பிழையையும் காட்டும். வாடிக்கையாளர் யு.பி.ஐ.யில் பணம் போட, அவசரத்தில் பில்லை ரொக்கம் என்று முடித்துவிட்டால், கல்லா அதே தொகைக்குக் குறையும். குறைந்த தொகைக்குச் சமமான ஒரு வரவு வங்கிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, ஷாம்பு ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது வேறொரு சிக்கல் வந்தது. விலை குறைத்து அச்சிட்ட சோப்பு வந்தது, பார்கோடு பழையதேதான். ஸ்கேன் செய்தால் செயலி பழைய விலையையே போட்டது. உறையில் இருப்பதைவிடக் கூடுதலாக வாங்குவது சட்டப்படி குற்றம். ஒரே சரக்குக்கு வெவ்வேறு எம்.ஆர்.பி. வைத்துக்கொள்ளும் வசதி செயலியின் அமைப்புகளில் இருந்தது. அதை இயக்கிய பிறகு, எந்த விலை என்று பில் போடும்போதே கேட்கத் தொடங்கியது.

இப்போது நோட்டில் தினசரி எழுதுவது நின்றுவிட்டது. தினமும் இரவு தகவல் முழுவதும் கைபேசிக்கு வெளியேயும் சேமிக்கப்படுகிறது. துவரம் பருப்பு பதினைந்து கிலோவுக்குக் கீழே போனால் செயலி எச்சரிக்கும். அந்தப் பதினைந்து, சாதாரண வாரங்களின் விற்பனையை வைத்துப் போட்ட கணக்கு. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் நெருங்கும்போது வெல்லமும் பச்சரிசியும் எவ்வளவு போகும் என்பது கடந்த ஆண்டுக் கணக்கு உள்ளே இல்லாத செயலிக்குத் தெரியாது. அதனால் திருவிழாச் சரக்குக்கு மட்டும் அப்பா சொல்லும் அளவுதான். அவர் சொல்லச் சொல்ல, மகள் அந்த எண்ணிக்கையைக் கொள்முதல் பட்டியலில் ஏற்றி மொத்தக் கடைக்கு அனுப்புகிறார். விற்று முடிந்ததும் அடுத்த ஆண்டுக்காக வேண்டி உண்மையில் போன அளவையும் அதனருகே குறித்து வைக்கிறார்.