மலைப்பாறையில் ஒரு ஸ்டீல் பாட்டில்

படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ‘மலைப்பாறை மேல் ஸ்டீல் தண்ணீர் பாட்டில்’ என்று மட்டும் கேட்டால், ஸ்டுடியோவில் எடுத்த பாட்டிலை வெட்டி மலைமேல் ஒட்டியதுபோல் படம் வரக்கூடும். காரணம் எஃகின் இயல்பு. பளபளக்கும் எஃகு தன்னைவிடத் தன் சுற்றுப்புறத்தையே அதிகம் காட்டும். உருளை வடிவத்தில் வானமும் பாறையும் ஒடுங்கிய செங்குத்துப் பட்டைகளாகத் தெரியும். ஆகவே மலையேற்றப் பொருள் விளம்பரத்துக்கான கட்டளை, பொருளோடு வெளிச்சத்தையும் விவரிக்க வேண்டும்:

“பளபளப்பில்லாத ஸ்டீல் பாட்டில், கறுப்பு மூடி, எழுத்து எதுவும் இல்லை. ஈரமான கருங்கல் பாறையின் சமதளத்தில் நேராக நிற்கிறது. அதிகாலை, இடப்பக்கம் தாழ்ந்த சூரியன், நிழல் வலப்பக்கம் நீள்கிறது. பாட்டிலின் இடப்பக்கம் பொன்னிற ஒளிக்கோடு, கீழ்ப்பகுதியில் பாறையின் மங்கிய பிரதிபலிப்பு. கேமரா பாட்டிலின் உயரத்தில், 85 மி.மீ. லென்ஸ், பின்னால் மலைத்தொடர் மங்கலாக. மேலே வலப்புறம் வெறும் வானம்.”

அந்த வெறும் வானம் விளம்பர வாசகத்துக்கான இடம். நிறுவனத்தின் பெயரைக் கருவியிடம் எழுதச் சொன்னால் எழுத்துகள் சிதைய வாய்ப்புண்டு. பிறகு தனியாகப் பதிப்பதே நல்லது. வந்த படத்தில் முதலில் பார்க்கவேண்டியது பாட்டிலின் அடிப்பகுதி. பாறையைத் தொடும் இடத்தில் மெல்லிய கருநிழல் இல்லையென்றால் பாட்டில் மிதப்பதாகத் தோன்றும். ஒளிக்கோடும் நிழலும் ஒரே பக்கம் விழுந்திருந்தால், சூரியனின் திசையை இன்னும் அழுத்தமாகச் சொல்லி மறுபடி கேட்க வேண்டும்.