கூப்பிடு தூரம்

விம்கோ நகர் ரயில் நிலையத்தில் மாலை நேரத்தில் நின்றால், பெயர்கள் உருமாறுவதைக் காதால் கேட்கலாம். கும்மிடிப்பூண்டி வண்டி வந்து நிற்கிறது. இறங்கிய கூட்டத்தில் தன் மகளைத் தவறவிட்ட ஒரு தாய் நடைமேடையின் மறுகோடியிலிருந்து "செல்வீ...!" என்கிறாள். நாலு பேருக்கு அப்பால் நிற்கும் நண்பனை ஒருவர் "முருகா!" என்கிறார். வண்டியின் இரைச்சலை மிஞ்ச வேண்டியிருப்பதால் இன்னொருவர் "ரமேஷூ!" என்று கத்துகிறார். அந்தப் பெண்ணின் ஆதார் அட்டையில் இருப்பது செல்வி. நண்பரின் பெயர் முருகன். மூன்றாமவருக்கு வீட்டில் வைத்த பெயரில் கடைசி 'ஊ' கிடையாது. பெயர் வைப்பது ஒரு வடிவத்தில், கூப்பிடுவது இன்னொரு வடிவத்தில்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் சொல்லிக்கொடுக்கும்போது நான் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இதுதான்: "எட்டாம் வேற்றுமைக்கு ஏன் சார் உருபு இல்லை?" இரண்டாம் வேற்றுமைக்கு ஐ, நான்காவதற்கு கு என்று ஒப்பித்துவிடலாம். எட்டாவதான விளி வேற்றுமைக்கு அப்படி ஒன்றைச் சொல்ல முடியாது. பெயரின் ஈற்றில் நேரும் மாற்றமே அங்கே உருபு. ஈறு வேறாகத் திரியலாம், ஈறு கெடலாம், புதிதாக ஓர் எழுத்து மிகலாம், ஈற்றுக்கு முந்தைய எழுத்து மாறலாம், எதுவுமே மாறாமல் இயல்பாகவும் நிற்கலாம். நன்னூல் இப்படி ஐந்தாகச் சொல்கிறது. பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இந்த மாற்றங்கள் ஏன் நேர்கின்றன என்ற இடத்துக்கு வகுப்பில் நேரம் இருப்பதில்லை. எனக்கோ அங்கேதான் நிற்கத் தோன்றும்.

முருகன் என்ற சொல்லைத் தொலைவிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். 'ன்' ஒலிக்கும்போது நாக்கு மேலே ஒட்டி வாயை அடைத்துவிடுகிறது; ஒலி மூக்கு வழியாக வருகிறது. மூக்கறையின் மென்மையான சுவர்கள் அந்த ஒலியில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகின்றன. எவ்வளவு இழுத்தாலும் அது முனகலாகவே இருக்கும். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் செறிவு நாலில் ஒரு பங்காகிவிடும். அந்த நிலையில் மூக்கொலியை நம்பிப் பயனில்லை. ஆகவே 'ன்' போகிறது. அதற்கு முன்னால் இருந்த 'அ' நீண்டு 'ஆ' ஆகிறது. மனித வாய் மிக அகலமாகத் திறந்து, மிகுந்த ஓசையோடு வெளிவிடும் உயிர் அதுதான். முருகா, கண்ணா, நண்பா எல்லாம் இந்த ஒரே வழியில் வந்தவை.

செல்வி ஏற்கெனவே உயிரில்தான் முடிகிறாள். அங்கே எதையும் நீக்க வேண்டியதில்லை. ஒரு மாத்திரை 'இ'யை 'ஈ' ஆக்கினால் போதும். நங்கை என்பதில் உள்ள 'ஐ' தொடங்கும்போது அகன்று, முடியும்போது குறுகிவிடும் ஒலி. அதன் அகன்ற பாதியை நீட்டி நங்காய் என்கிறோம். வேந்து என்ற சொல்லின் ஈற்றில் இருப்பது அரை மாத்திரையே ஒலிக்கும் குற்றியலுகரம். பக்கத்தில் நிற்பவருக்கே அது சரியாகக் கேட்காது. அதை நீட்டிப் பயனில்லை என்பதால் அதன் இடத்தில் 'ஏ' வந்து வேந்தே ஆகிறது. ரமேஷ் போன்ற பெயர்கள் தொல்காப்பியருக்குத் தெரியாது. ஆனாலும் வடசென்னைக்காரர் அதில் ஓர் உயிரை ஒட்டி நீட்டும்போது, மிகுதல் என்ற பழைய வழியில்தான் போகிறார்.

தொல்காப்பியம் இதற்காகவே விளிமரபு என்று ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறது, சொல்லதிகாரத்தில் நான்காவது. அதில் எந்த ஈறு எப்படி மாறும் என்ற பட்டியலைவிட என்னை வியக்க வைப்பது வேறொன்று. அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையே உள்ள தூரம் அங்கே இலக்கண விதிக்குள் வருகிறது. 'அன்' என்று முடியும் பெயர் பொதுவாக 'ஆ' பெறும். அருகில் இருப்பவரை அழைத்தால் 'அ' போதும். ஊரன் என்ற தலைவன் தள்ளி நின்றால் ஊரா, பக்கத்தில் நின்றால் ஊர. மிகத் தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது எழுத்துக்கு உரிய மாத்திரையையும் கடந்து ஒலிக்கலாம் என்றும் விதி உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கண் இமைக்கும் நேரமே ஒரு மாத்திரை என்று கணக்காக வகுத்த அதே நூல், கூப்பிடும் குரலுக்கு அந்தக் கணக்கைத் தளர்த்திவிடுகிறது. மற்ற எந்த வேற்றுமையிலும் பேசுபவர் எங்கே நிற்கிறார் என்ற கேள்வியே எழாது. 'முருகனை' என்பது நடைமேடையின் இந்தக் கோடியிலும் 'முருகனை'தான், அந்தக் கோடியிலும் 'முருகனை'தான்.

இதைப் பற்றி எழுத விம்கோ நகர் பொருத்தமான இடம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டி ஆலையின் சுருக்கப்பெயர் ஊர்ப்பெயரானது போன நூற்றாண்டில்தான். வண்டியில் சென்னைப் பக்கம் ஒரு நிலையம் போனால் திருவொற்றியூர். அங்குள்ள சிவன் கோயிலில் சோழர் காலத்தில் வியாகரணதான வியாக்கியான மண்டபம் என்ற ஒன்று இருந்தது. பாணினியின் வடமொழி இலக்கணம் கற்பிக்கப்பட்ட இடம் அது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டு அதற்கு விடப்பட்ட கொடையைச் சொல்கிறது. அப்போது ஆண்டவன் மூன்றாம் குலோத்துங்கன். அவனுக்குக் கீழிருந்த சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொள்ளத்தான் பவணந்தி முனிவர் நன்னூலை எழுதினார். ஒரே அரசன் காலத்தில் இந்த ஊரில் பாணினி சொல்லித்தரப்பட்டார். வேறொரு மூலையில் நன்னூல் உருவாகிக்கொண்டிருந்தது.

விளியைப் பற்றி இந்த இரண்டு மரபுகளும் வேறு வேறு முடிவுக்கு வந்தன. திருவொற்றியூர் மண்டபத்து மாணவன், அழைத்தல் என்பது முதல் வேற்றுமையின் ஒரு பயன்பாடு என்று படித்திருப்பான். பாணினி அதைத் தனி வேற்றுமையாக எண்ணவில்லை. தமிழ் அதைத் தனியாக எட்டாவது என்று எண்ணிற்று. தொல்காப்பியருக்கே இதில் ஒரு தயக்கம் தெரிகிறது. வேற்றுமை ஏழு என்று முதலில் சொல்லிவிட்டு, விளியைச் சேர்த்தால் எட்டு என்கிறார். தயக்கம் நியாயமானதே. மற்ற உருபுகள் பெயரை வினையோடோ இன்னொரு பெயரோடோ கட்டுகின்றன. விளி எதோடும் கட்டுவதில்லை. நன்னூல் அதன் பொருளைச் சொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: படர்க்கையில் இருப்பவரைத் தன் முகமாகத் திரும்பச் செய்வது. முருகன் என்னும்போது அவர் யாரோ ஒருவர். முருகா என்றதும் அவர் முன்னிலை ஆகிவிடுகிறார். அடுத்து வரும் வினை 'வா' என்றோ 'வருகிறாயா' என்றோதான் இருக்க முடியும். ஒருவரை அவனிலிருந்து நீயாக மாற்றும் வேலையைச் செய்வதற்குத் தனி எண் கொடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

பிரிந்த இரு மரபுகளும் தூரத்தில் மட்டும் சேர்ந்துகொள்கின்றன. தொலைவிலிருந்து அழைக்கும்போது கடைசி உயிரை மூன்று மாத்திரை நீட்ட வேண்டும் என்று பாணினியிலும் விதி இருக்கிறது. அந்த நீட்சிக்குப் புலுதம் என்று பெயர். உயிருக்குப் பக்கத்தில் 3 என்ற எண்ணைப் போட்டே அதை எழுதுவார்கள். செல்வீஇஇ என்று நாம் எழுதுவதும் அந்தக் குரலைப் பிடித்து வைக்கத்தான்.

இப்போது பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். 'கண்ணனே, வா', 'கண்ணனே வந்தான்' இரண்டிலும் இருப்பது 'கண்ணனே'. முதலாவது விளி. இரண்டாவதில் உள்ள ஏகாரம் வேறு யாருமில்லை, அவனேதான் என்று உறுதி சொல்கிறது. சொல்லை மட்டும் பார்த்தால் பிரித்தறிய முடியாது. வினையைப் பார்க்க வேண்டும். 'அம்மா வந்தாள்' என்பது இதைவிடக் கடினம். அம்மா என்பது கூப்பிடும் வடிவம்தானே, அப்படியானால் இது விளித்தொடரா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அப்பன் அப்பா ஆனதும், மாமன் மாமா ஆனதும், அண்ணன் அண்ணா ஆனதும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான். வீட்டில் அந்த உறவை எப்போதும் அழைத்துக்கொண்டே இருப்பதால் அழைக்கும் வடிவமே பெயராகிவிட்டது. இதற்கு ஒரு சோதனை உண்டு. 'ஐ' சேர்த்துப் பாருங்கள். அப்பாவை, அம்மாவை, மாமாவை என்று இயல்பாக வருகிறது. 'நண்பாவைப் பார்த்தேன்' என்று யாரும் சொல்வதில்லை. நண்பா இன்னும் விளியாகவே இருக்கிறது, அப்பா பெயராகிவிட்டது. ஆகவே 'அம்மா வந்தாள்' எழுவாய்த்தொடர், 'அம்மா, வா' விளித்தொடர்.

எழுத்தில் இன்னொரு அடையாளமும் கிடைக்கும். விளிக்குப் பின் வல்லினம் மிகாது. 'தம்பி, போ', 'அண்ணா, கேள்' என்றே எழுத வேண்டும். கூப்பிட்டதும் ஒரு கணம் நிற்கிறோம். எதிராளி திரும்பட்டும் என்று காத்திருக்கிறோம். அந்த இடைவெளியில் இரண்டு சொற்களின் ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. நாம் போடும் காற்புள்ளி அந்தக் காத்திருப்பின் அளவு.

பழைய மாற்றங்கள் சில பேச்சிலிருந்து போய்விட்டன. மக்கள் என்பதை மக்காள் என்று அழைப்பது ஈற்றயல் நீண்ட வடிவம். இன்று 'மக்களே' என்கிறோம். 'ஏ' மெல்ல மெல்ல எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டு வருகிறது. ஆனால் 'ஆர்' என்ற ஈறு 'ஈர்' ஆகும் வழி ஓரிடத்தில் அப்படியே இருக்கிறது: கல்யாணப் பத்திரிகையின் முதல் வரியில். அன்புடையார் அங்கே அன்புடையீர் ஆகிறார். நன்னூல் 'ன்' ஈறு போய் அதற்கு முந்தைய உயிர் 'ஏ' ஆவதையும் ஒரு வழியாகச் சொல்கிறது. டீக்கடையில் கேட்கும் 'அண்ணே' அந்த வழியில் வந்ததுதான்.

திருவொற்றியூர் அம்மன் மேல் வள்ளலார் பாடிய வடிவுடை மாணிக்க மாலையின் 101 பாட்டும் அம்மனை அழைத்தே முடிகின்றன. அழைக்கும் சொல் மாணிக்கம். அது அஃறிணைப் பெயராதலால் 'ஏ' பெற்று மாணிக்கமே ஆகிறது. தாயை ஒரு மணியாகக் கண்டதால் இலக்கணமும் மணிக்குரிய விதியையே எடுத்துக்கொள்கிறது.

வண்டி எண்ணூர்ப் பக்கம் நகர்ந்ததும் நடைமேடையில் சத்தம் அடங்கியது. மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "எங்கடி போன, செல்வி?" என்றாள் தாய். இந்தமுறை 'இ' ஒரு மாத்திரைதான்.